கொப்பியில் 320 வீடுகள்: கோண்டாவில் கலியாணம் ஒன்றின் கணக்கு

2025 ஆனி மாதக் கடைசியில் ஒரு தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார். கையில் நீலநிற மட்டை போட்ட சிஆர் கொப்பி. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கோண்டாவில்காரர். மூத்த மகளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் சாவகச்சேரிப் பக்கம். "பிள்ளை, காட் 500 அடிக்கவேணும், எல்லாருக்கும் ஒரு சில்வர் கிண்ணம் குடுக்கவேணும், இதுக்கெல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சத்துக்கு மேல ஏலாது" என்றார்.

நான் செய்வது சின்ன வேலை. அழைப்பிதழ் வடிவமைத்து அச்சகத்தில் நின்று அடிப்பித்துக் கொடுப்பேன், வந்தவர்களுக்குக் கொடுக்கும் பரிசுப்பொருளை ஏற்பாடு செய்வேன், ஆட்களின் பட்டியலைப் பராமரிப்பேன். மணவறை, மேளம், சமையல் எதுவும் என்னுடையதல்ல. இந்த மூன்றையும் ஒருவரே ஏன் செய்யவேண்டும் என்று பலர் கேட்பார்கள். மூன்றும் ஒரே பட்டியலிலிருந்து பிறப்பவை, ஆனால் மூன்றுக்கும் அளவுகோல் வேறு வேறு. காட் வீட்டுக்கு ஒன்று. சாப்பாடு ஆளுக்கு ஒன்று. பரிசு வீட்டுக்கா ஆளுக்கா என்பதை யாரும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. வசதி குறைந்த கலியாணங்களில் காசு ஒழுகும் இடம் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதுதான்.

ஐயாவின் கணக்கும் அப்படித்தான் இருந்தது. 500 காட், ஒன்று 95 ரூபா, 47,500. கிண்ணம் 500, ஒன்று 180 ரூபா, 90,000. இரண்டும் சேர்ந்து 1,37,500. "சரியா ஒன்றரைக்குள்ள நிக்குது" என்று அவருக்குத் திருப்தி. சாப்பாட்டுக்கு எத்தனை பேர் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அது வேற கணக்கு. மண்டபக்காரர் காட் 500 எண்டால் 700 சொல்லுங்கோ எண்டவர். நான் 600 எண்டு சொல்லியிருக்கிறன்." மதியச் சைவச் சாப்பாடு ஒரு தட்டு 1,350 ரூபா. குறைந்தபட்சம் இத்தனை தட்டு என்று உறுதி கொடுத்துவிட்டால் ஆள் வராவிட்டாலும் அந்தக் காசு கட்டத்தான் வேண்டும். 600 என்றால் 8,10,000 ரூபா. கிண்ணத்தில் பத்து ரூபா குறைக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்த மனிதர் அதைத் தொடவே இல்லை.

கொப்பியைப் பிரித்தது

கொப்பியில் பெண் வீட்டார் பக்கம் 190 பெயர்கள். மாப்பிள்ளை வீட்டார் வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பியதில் 130. மொத்தம் 320. ஒவ்வொன்றும் ஒரு வீடு என்றுதான் எழுதியிருந்தார்கள், ஆட்தொகை எங்கும் இல்லை. அதை ஒரு விரிதாளில் ஏற்றினோம். நிரல்கள் அதிகம் வைக்கவில்லை: பெயர், ஊர், தொலைபேசி, யார் வழி உறவு, எத்தனை பேர், யார் சொல்லப் போவது, பதில்.

முதலில் இரட்டிப்பு. இரண்டு வீட்டாருக்கும் பொதுவான உறவுகள் இருப்பார்கள், ஒரே வீட்டில் இருக்கும் தகப்பனையும் கலியாணம் முடித்த மகனையும் இரண்டு வீடாக எழுதியிருப்பார்கள். தொலைபேசி இலக்கம் D நிரலில் இருந்தால் பக்கத்தில் இந்தச் சூத்திரத்தைப் போட்டு, 1க்கு மேல் வருவதைப் பார்த்தால் போதும்:

```
=COUNTIF($D$2:$D$400,D2)
```

இலக்கம் இல்லாத பெயர்களை மட்டும் கண்ணால் பார்த்தோம். 14 இரட்டிப்பு போக 306 வந்தது. இந்த 14இல் ஒன்று இரட்டிப்பே அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

306இல் 58 வீடுகள் வெளிநாட்டில். கனடா, இலண்டன், சுவிஸ், பாரிஸ். இவர்களுக்கு அச்சடித்த காட் அனுப்பிப் பயனில்லை. மீதி 248. அதில் 207 யாழ்ப்பாண மாவட்டத்துக்குள், 41 வவுனியா, கிளிநொச்சி, கொழும்பு என்று வெளியே. ஆக அடிக்கவேண்டிய காட் 248. கோயிலில் வைக்க, அல்பத்தில் ஒட்ட, கடைசி நேரத்தில் நினைவுக்கு வருபவர்களுக்கு என்று 27 சேர்த்து 275 என்றேன். ஐயாவுக்கு மனம் ஒப்பவில்லை. காட் குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. காட் மிஞ்சினால் கறையான்தான் தின்னும் என்று அவர் மனைவி, அன்ரி, சொன்ன பிறகுதான் இறங்கினார். எண்ணிக்கை குறைந்ததால் ஒரு காட்டின் விலை 95இலிருந்து 110 ஆனது, ஆனாலும் மொத்தம் 30,250 தான்.

அப்புறம் ஆட்தொகை. இதற்கு ஒரு காட்டுக்கு நாலு பேர் என்று பெருக்குவது யாழ்ப்பாணத்தில் சரிவராது. எங்கள் ஊரில் கலியாணத்துக்கு மூன்று விதமாகத்தான் வருவார்கள். நெருங்கிய உறவு முழுவீடாக வரும். அடுத்த வட்டம் புருசனும் பெண்சாதியுமாக வரும். அயல், பழைய அலுவலகம், வாசிகசாலை ஆட்கள் என்றால் வீட்டுக்கு ஒராள் வந்து முகங்காட்டிவிட்டுப் போவார். அன்ரியையும் மணமகளின் சித்தியையும் இருத்தி, ஒவ்வொரு பெயருக்கும் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னேன். இந்த வேலைக்கு ஆம்பிளைகளை நான் கேட்பதில்லை. அவர்களுக்கு யார் யாரோடு கோபம் என்பது ஒரு வருடம் பிந்தித்தான் தெரியவரும்.

இரண்டு பின்னேரம் எடுத்தது. முழுவீடு 62, தலையெண்ணிப் பார்த்ததில் 251 பேர். இருவராக வருவோர் 104 வீடு, 208 பேர். ஒராள் மட்டும் 82. மொத்தம் 541. வெளிநாட்டிலிருந்து வருவோம் என்று ஏற்கனவே ரிக்கற் போட்டவர்கள் 9 வீடு, 27 பேர். ஆக 568. நாலால் பெருக்கியிருந்தால் உள்ளூர் வீடுகள் மட்டுமே 992 பேர் என்று காட்டியிருக்கும்.

காட்

காட்டின் அழகைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கடையில் ஆயத்தமாக இருக்கும் காட்டை வாங்கி எழுத்தை மட்டும் அடிப்பித்தாலே வடிவாகத்தான் இருக்கும். தவறு வருவது எழுத்திலும் நாளிலும்.

நாளைப் பற்றி முதலில். இங்கே வாக்கிய பஞ்சாங்கமும் உண்டு, திருக்கணித பஞ்சாங்கமும் உண்டு. இரண்டிலும் ஒரு நட்சத்திரம் முடியும் நேரம் மணிக்கணக்கில் வித்தியாசப்படலாம், சில மாதங்களில் தமிழ்த் திகதியே ஒரு நாள் தள்ளிப்போகும். இந்தக் கலியாணத்தில் முகூர்த்தம் குறித்துக் கொடுத்த சாத்திரியார் மாப்பிள்ளை பக்கம், அவர் திருக்கணிதக்காரர். பெண் வீட்டார் காட்டுக்குத் தந்த வாசகம் அவர்களுடைய கோயில் ஐயர் வாக்கியத்தைப் பார்த்து எழுதியது. இரண்டு வாசகத்திலும் ஆங்கிலத் திகதி ஒன்று, நேரம் ஒன்று, நட்சத்திரம் மட்டும் வேறு. ஒன்றில் அந்த நட்சத்திரம் முகூர்த்தத்துக்கு முன்னமே முடிந்துவிடுகிறது, மற்றதில் முடியவில்லை. அச்சடித்து வீடுகளுக்குப் போன பிறகு இது தெரியவந்திருந்தால், பழுத்த கிழவர் ஒருவராவது காட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ஆர் இதுக்கு நாள் பார்த்தது?" என்று கேட்டிருப்பார். முகூர்த்தம் வைத்தவர் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாரோ காட்டிலும் அதையே போடுவது என்று இரண்டு வீட்டாரையும் ஒரே அழைப்பில் வைத்துப் பேசி முடித்தோம். இப்போது நான் யார் வந்தாலும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறேன்.

எழுத்துப் பிரச்சினை வேறு மாதிரி. வாசகத்தை எல்லோரும் போனில் யுனிகோட்டில் தட்டி அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. பாமினியில் `jkpo;` என்று தட்டினால்தான் திரையில் தமிழ் என்று தெரியும். ஆகவே யுனிகோட்டில் வந்ததை மாற்றியில் போட்டு மாற்றுவார்கள், அல்லது திரும்பத் தட்டுவார்கள். மாற்றும்போது கொம்பும் கிரந்த எழுத்தும் இடறும். அச்சகத்தில் யுனிகோட்டை நேரே பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினாலும் இதே கதைதான், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.

எங்கள் காட்டு மரபில் மூத்த மகனை 'சிரேஷ்ட புத்திரன்' என்றும் இளைய மகளை 'கனிஷ்ட புத்திரி' என்றும் போடுவோம். 'சிரேஷ்ட' என்ற இந்த ஒரு சொல்லில் ஏகாரக் கொம்பும் இருக்கிறது, ஷ் உம் இருக்கிறது. ஒரு காட் பழுதா இல்லையா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனைச் சொல் எனக்குத் தெரியாது. நான் அனுப்பிய படத்தில் அது சரியாக இருந்தது. குடும்பமும் போனில் படத்தைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டது. அச்சகத்தில் பாமினிக்கு மாற்றி எடுத்த முதல் பிரதியில் கொம்பு ஷ் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. போனில் பார்த்த படம் வேறு, தாளில் வரப்போவது வேறு. அதனால் நான் படத்துக்கு ஒப்புதல் வாங்குவதோடு நிறுத்துவதில்லை. அச்சகத்தில் தாளில் அடித்த ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். வீட்டு ஆட்கள் வாசித்தால் பிழையாக அடித்ததையும் சரியாகத்தான் வாசிப்பார்கள், பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். இந்த முறை பக்கத்து வீட்டு ஏ.எல். படிக்கும் பிள்ளை வாசித்து, மண்டபத்தின் வீதிப் பெயரில் இன்னொரு பிழையும் பிடித்தது.

வெளிநாட்டு 58 வீடுகளுக்கு அதே காட்டைப் போனுக்கு ஏற்றமாதிரி நீளவாக்கில் ஒரு படமாகச் செய்தேன். மண்டபத்துக்கு வழி காட்டும் இணைப்பு கீழே. அதற்கு 5,000. செய்வது சுலபம், அனுப்புவதுதான் நுட்பம். மாப்பிள்ளையின் தமக்கை ஆர்வக்கோளாறில் அதைக் குடும்பக் குறூப்பில் போட்டுவிட, அன்று இரவே ரொறன்ரோவிலிருந்து ஒரு மாமா ஐயாவுக்கு எடுத்தார். "குறூப்பில போட்டால் அது சொன்ன மாதிரியோ?" ஐயா மறுநாளிலிருந்து நேர வித்தியாசம் பார்த்து ஒவ்வொருவருக்கும் தானே அழைத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தனித்தனியாகப் படத்தை அனுப்பினார். 58 அழைப்புக்கு ஆறு இரவுகள் போயின. படம் அழைப்பைத் தொடர்ந்து போகவேண்டும், அழைப்புக்குப் பதிலாகப் போகக்கூடாது.

"வருவீங்களோ?" என்று கேட்கக்கூடாது

வரவை உறுதிப்படுத்தும் பழக்கம் நம்மிடம் இல்லை. காட்டில் தொலைபேசி இலக்கம் போட்டு அறியத்தாருங்கள் என்று எழுதினால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். நாங்கள் எடுத்து வருவீங்களோ என்று கேட்டால் எல்லோரும் ஓம், கட்டாயம் என்பார்கள். இல்லை என்று சொல்வது மரியாதையில்லை. ஆகவே அந்த ஓமுக்கு எண்ணிக்கையில் பெறுமதி இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். உறவுகளைக் கிளை கிளையாகப் பிரித்து, கிளைக்கு ஒருவராக 11 பேரைப் பிடித்தோம். பெரும்பாலும் சித்தி, மாமி, மச்சாள் மார். தலைக்கு இருபது வீட்டுக்கு மேல் இல்லை. கலியாணத்துக்கு 12 நாள் இருக்கத் தொடங்கி 7 நாள் இருக்க முடிக்கவேண்டும். கேள்வியையும் எழுதிக் கொடுத்தேன்: "வாகனம் ஒழுங்கு செய்யிறம், உங்கட வீட்டிலயிருந்து எத்தினை பேருக்கு இடம் வைக்கிறது?" சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் உண்மையிலேயே பஸ் பிடித்திருந்தார்கள், ஆகவே பொய்யில்லை. இந்தக் கேள்விக்கு ஆட்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள். "எனக்கும் இவருக்கும் வையுங்கோ, பெடியனுக்கு ரியூசன்" என்று எண்ணிக்கையோடு வரும். வாகனம் தேவையில்லாதவர்களும், "நாங்கள் மூண்டு பேர், எங்கட ஓட்டோவில வாறம்" என்று தானாகவே சொல்லிவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு வருவீங்களோ சாப்பாட்டு நேரத்துக்கோ என்று கேட்பதும் அதே மாதிரி வேலை செய்யும். வரமுடியாதவருக்கு அது வெளியேற ஒரு வாசல்.

இப்படிக் கேட்டதில் 26 வீடு, 49 பேர் கழிந்தார்கள். 568 என்பது 519 ஆனது.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்க, மாப்பிள்ளையின் தாயின் உறவில் ஒரு பெரியவர் மிருசுவிலில் காலமானார். மாப்பிள்ளைக்கே துடக்கு வரும் உறவென்றால் கலியாணமே தள்ளிப்போயிருக்கும். அப்படியில்லை. ஆனால் அந்தக் கிளைக்கு அந்தியேட்டி முடியும்வரை, 31ஆம் நாள் மட்டும், நல்ல காரியம் ஒன்றுக்கும் வரமாட்டார்கள். ஒரே நாளில் 11 வீடு, 29 பேர் பட்டியலிலிருந்து போனார்கள். யார் வழி உறவு என்ற நிரல் இருந்ததால் எந்த வீடுகள் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம். அது இல்லாமல் கொப்பியில் மட்டும் பெயர்கள் இருந்திருந்தால், அந்த 29 தட்டையும் கட்டிய பிறகுதான் உணர்ந்திருப்பார்கள். மற்ற ஊர்க்காரர் எழுதும் கலியாணத் திட்டமிடல் குறிப்புகளில் இந்த ஒரு விசயத்தை நான் கண்டதில்லை. எங்களுக்கு அது வராத வருடம் இல்லை.

519இல் 29 போக 490. ஓம் என்றவர்களிலும் பத்துக்கு ஒருவர் கடைசியில் வரமாட்டார் என்று வைத்தேன், 441. இதோடு ஒரு கூட்டத்தைச் சேர்க்கவேண்டும், எந்தக் கொப்பியிலும் இல்லாதவர்கள்: ஐயரும் உதவி ஐயரும், மேளக்காரர், படப்பிடிப்பாளர்கள், மணவறை கட்டியவர்கள், பஸ் சாரதியும் நடத்துநரும். இங்கே 24 பேர். ஆக 465. சமையல்காரரோடு பேசி 460க்கு உறுதி கொடுத்தோம், 500 வரை வந்தால் சமாளிப்பது, கூடுவதைத் தட்டுக் கணக்கில் கட்டுவது என்று. 600இலிருந்து இறக்க அவர் முகத்தைச் சுளித்தார்தான். ஆனால் ஒரு கிழமை இருக்கச் சொன்னதால் சம்மதித்தார். இரண்டு நாள் இருக்கச் சொல்லியிருந்தால் ஏற்றிருக்கமாட்டார், ஏற்கவும் தேவையில்லை. மரக்கறிக்கு முற்பணம் போயிருக்கும்.

ஓலைப்பெட்டி

சில்வர் கிண்ணத்தை ஏன் விட்டோம் என்றால், அது ஆளுக்கு ஒன்று கொடுக்கவேண்டிய சாமான். எல்லார் வீட்டிலும் ஏற்கனவே பத்துக் கிண்ணம் இருக்கும் என்பது வேறு. வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தால் குறைவாகத் தெரியாத ஒரு பொருள் தேவைப்பட்டது. சிலர் மரக்கன்று கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வெயில் காலத்தில் பஸ்ஸில் வருபவரும் விமானத்தில் போகிறவரும் கன்றை மண்டப வாசலிலேயே வைத்துவிட்டுப் போவதை நான் இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

பனையோலைப் பெட்டிக்குள் இரண்டு பயத்தம்பணியாரம், கொஞ்சம் முறுக்கு, ஒரு சின்னப் பனங்கட்டிக் குட்டான், வெற்றிலை பாக்கு. பெட்டி 110, பலகாரம் 90, குட்டான் 50, மற்றது 10, ஆக 260 ரூபா. வருவதாக இருந்த வீடுகள் 220, கைகாவலுக்கு 20 சேர்த்து 240. மொத்தம் 62,400. ஆளுக்கு ஒன்றாக இருந்தால் இந்தப் பெட்டியைக் கனவிலும் நினைக்க முடியாது.

பெட்டி இழைத்தவர்கள் நான்கு பெண்கள். மூடியுள்ள இந்த அளவுப் பெட்டி ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் வராது. அப்படியென்றால் பத்து நாள் வேலை. வீட்டு வேலை, கோயில் திருவிழா எல்லாம் இடையில் வரும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தேன். கடைசி 60 பெட்டி அவசரத்தில் வந்தது. ஓலைக்குச் சிவப்பும் பச்சையும் சாயம் போட்டு, சரியாகக் காயாமலே இழைத்துப் பொலித்தீன் பையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். நானும் பையைத் திறந்து பார்க்காமல் அறை மூலையில் வைத்தேன். பிழை என்னுடையது. ஐந்தாம் நாள் திறந்தபோது ஒரு புளித்த மணம். 35 பெட்டிகளின் உள்மடிப்பில் சாம்பல்நிறப் பூஞ்சணம்.

காய்ந்த ஓலையா என்று பார்ப்பது கடினமில்லை. மூடியின் விளிம்பை நகத்தால் நெருடினால் காய்ந்தது சரசரக்கும், ஈரம் உள்ளது சத்தமில்லாமல் வளையும். மடிப்புக்குள் விரலைவிட்டால் குளிர்ச்சி தெரியும். மேற்பரப்பு காய்ந்தே இருக்கும், அதை நம்பக்கூடாது. சாயம் போட்டதை நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைக்கவேண்டும். 35இல் 23ஐ உலர்ந்த துணியால் துடைத்துக் காயவைத்து மீட்டு, அவற்றுக்குப் பலகாரம் வைக்காமல் சுற்றிக் கட்டிய குட்டானும் வெற்றிலையும் மட்டும் வைத்தோம். 12ஐ எறிந்தோம். மிச்சத்துக்கெல்லாம் உள்ளே எண்ணெய்த்தாள் விரித்து, கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம்தான் பலகாரம் நிரப்பினோம். பயத்தம்பணியாரத்தில் தேங்காய்ப்பூ சேர்வதால் அதை முன்னதாகச் செய்து அடுக்கிவைக்க முடியாது. இதே பெட்டியை ஐப்பசி, கார்த்திகை மாரிக்குள் செய்யச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பனங்கட்டி ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும், ஓலையும் காயாது.

வீட்டுக்கு ஒன்று என்பதை வாசலில் எப்படி நடத்துவது? பெயரைக் கேட்டு அடையாளம் போட்டுக் கொடுப்பது நிவாரண அட்டை வரிசை மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொன்னால் வருகிற கைக்கெல்லாம் கொடுத்து அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். சந்தனம், குங்குமத் தட்டத்தோடு மணமகளின் சித்தியையும் இன்னொரு வயதான பெண்ணையும் வெளிவாசலில் நிறுத்தினோம். போகும் குடும்பத்தில் பெண்ணொருவர் கையில் பெட்டி, தனியே வந்த ஆம்பிளை என்றால் அவர் கையில். பிள்ளைகள் கையை நீட்டினால் கொடுக்க ஒரு பெரிய பாத்திரத்தில் தோடம்பழ இனிப்பு, 2,500 ரூபாவுக்கு. நீட்டிய கை வெறுமையாகத் திரும்பாவிட்டால் பிள்ளைகள் தாயின் பெட்டியை விட்டுவிடுவார்கள். அந்த இருவருக்கும் ஆட்களைத் தெரியும் என்பதுதான் முக்கியம். கூலிக்கு ஆள் நிறுத்தினால் இது நடக்காது. 209 பெட்டி போனது, 19 மிஞ்சியது. மிஞ்சியதை மறுநாள் அயலில் கொடுத்தார்கள்.

எண்ணிப் பார்த்தபோது

தட்டை எண்ணுவது பாவித்த தட்டை அல்ல, மிஞ்சிய தட்டை. காலையில் சமையல்காரர் முன்னிலையில் 520 எண்ணி வைத்தோம். முடிவில் 46 மிச்சம். ஆக 474. அதில் 24 வேலையாட்கள், விருந்தினர் 450. உறுதி கொடுத்த 460க்கு மேல் 14 தட்டுக்குக் கூடுதலாகக் கட்டினோம்.

அழைப்புக்குப் பின் வந்த 490 என்ற கணக்குக்கு 40 குறைவு. எங்கே குறைந்தது என்று பட்டியலைப் பார்த்தால், ஒராள் வீடுகளும் இருவர் வீடுகளும் அனேகமாகச் சொன்னபடி வந்திருக்கிறார்கள். குறைந்தது முழுவீடுகளில். முகூர்த்தம் வேலைநாளில் விழுந்திருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவில்லை. பத்துக்கு ஒன்று என்று எல்லோருக்கும் பொதுவாகக் கழித்ததைவிட, முழுவீடுகளின் பிள்ளைகளை மட்டும் கழித்திருந்தால் இன்னும் நெருங்கியிருக்கும். இந்தமுறை இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது அதிர்ஷ்டம்தான். சனி, ஞாயிறில் வரும் கலியாணத்துக்கு இந்தக் கணக்கு பிழைத்துவிடும்.

காட் 30,250, பெட்டி 62,400, போன் காட் 5,000, இனிப்பு 2,500, என் கூலி 25,000. எல்லாம் 1,25,150 ரூபா. ஐயாவின் முதல் கணக்கைவிட 12 ஆயிரம் சொச்சம்தான் மிச்சம், அதைக்கொண்டு என்னைக் கூப்பிட்டது இலாபம் என்று சொல்லமுடியாது. 600 தட்டுக்கும் 474 தட்டுக்கும் இடையில் 126 தட்டு, அது 1,70,100 ரூபா. மிச்சம் அங்கேதான் இருந்தது. என் கூலியை ஆள்தொகைப்படி வாங்காமல் மொத்தமாக வாங்குவதும் இதனால்தான். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் எண்ணிக்கையைக் குறைக்க எனக்கே மனம் வராது.

இனி அந்த இரட்டிப்பு அல்லாத இரட்டிப்பு. கைதடியில் ஒரே பெயரில் இரண்டு பேர். தலையெழுத்தும் ஒன்று. ஒருவர் ஐயாவின் தகப்பன் வழி, மற்றவர் மாப்பிள்ளை பக்கம் தூரத்து உறவு. இரண்டு பெயருக்கும் பக்கத்தில் தொலைபேசி இலக்கம் இல்லை. ஒரே ஆளை இரண்டு வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒன்றை நான் வெட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் கைதடிக்காரருக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள், பட்டியலில் சொல்லியாச்சு என்று விழுந்துவிட்டது. மூன்று நாள் இருக்க அன்ரிதான் கேட்டார், "கைதடி அண்ணை வீட்டை ஆர் போனது?" ஒருவரும் போகவில்லை.

ஐயா அந்தப் பின்னேரமே மோட்டார் சைக்கிளில் காட்டோடு போனார். அவர் வாங்கிக்கொண்டாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். கலியாணத்தன்று தனியே வந்து, தாலி கட்டும்வரை முன்வரிசையில் இருந்து, அறுகரிசி போட்டு, காசு உறையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். சித்தி பெட்டியை நீட்ட, "பிறகு வாங்குறன்" என்றாராம். மறுநாள் ஐயா பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்.

இளைய மகளுக்கும் வேண்டும் என்று பட்டியலை அச்செடுத்து அதே நீலக் கொப்பிக்குள் ஒட்டிக் கேட்டார். ஒட்டிக் கொடுத்தேன். என் விரிதாளிலும் ஒரு நிரல் கூடியிருக்கிறது: எந்த ஒழுங்கை, என்ன வீடு என்று ஊரில் சொல்வார்கள். கொப்பியில் கைதடிக்காரர் பெயருக்கு நேரே ஐயா பேனாவால் தானே எழுதிவைத்திருக்கிறார், 'புளியடி வீடு, நேரில் போகவேணும்' என்று.